மாமன் கை நடுங்குது!

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பச்சைக் குழந்தையின் படம் வந்தால் அடியில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ‘குட்டி தேவதை வந்தாச்சு’, இல்லாவிட்டால் ‘எங்க வீட்டு இளவரசன்’. தப்பில்லைதான். ஆனால் அந்த வரியை ஊரில் உள்ள எந்தக் குழந்தையின் படத்துக்கு அடியிலும் ஒட்டிவிடலாம். அக்கா குழந்தையையோ அண்ணன் குழந்தையையோ முதன்முதலாகக் கையில் வாங்கிய படத்தில் இருப்பது இரண்டு பேர். குழந்தை தூங்கும், கொட்டாவி விடும், அவ்வளவுதான். வேடிக்கையெல்லாம் ஏந்தியிருப்பவரிடம் இருக்கிறது. எழுதவேண்டியதும் அதைத்தான்.

ஒரு தாய்மாமனை எடுத்துக்கொள்வோம். அக்காவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். படத்தில் அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கின்றன. முழங்கை விறைத்திருக்கிறது. குழந்தையின் கழுத்து நிற்காது, தலையைத் தாங்கிப் பிடி என்று நாலு பேர் சொன்ன பயம் முகத்தில் தெரிகிறது. முதலில் அவர் எழுதுவது: ‘என் உலகமே நீதான் செல்லம்.’ அன்பு இருக்கிறது, ஆனால் படத்தோடு ஒட்டவில்லை. படத்தைப் பார்த்து எழுதினால் இப்படி வரும்: ‘மூணு கிலோதான்னு சொன்னாங்க. மாமன் கை நடுங்குறதப் பார்த்தா முப்பது கிலோ போல இருக்கு!’ இதில் உறவையும் சேர்க்கலாம். நாளைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் மாமன் மடியில் வைத்துத்தானே? ‘மொட்டைக்கும் காதுகுத்துக்கும் மடி தயார். அதுக்குள்ள கையைப் பழக்கிக்கிறேன்.’ இந்த வரியை வேறு யாரும் எடுத்துப் போட முடியாது. தாய்மாமனுக்கு மட்டுமே பொருந்தும்.

மற்ற உறவுகளுக்கும் அதுவே வழி. அத்தை என்றால் பெயர் சூட்டும் நாளில் பல வீடுகளில் அவருக்குத் தனி இடம் உண்டு. ‘பேர் வைக்கிற அன்னைக்கு அத்தை வருவேன். அதுவரைக்கும் நீ வெறும் குட்டிதான்.’ சித்தி என்றால் அக்காவோடு போட்ட பழைய சண்டை கைகொடுக்கும்: ‘உங்கம்மா என்கிட்ட எதையும் பங்கு போட்டதே இல்ல. முதல்தடவையா குடுத்திருக்கா.’ சித்தப்பாவுக்கு இன்னொன்று: ‘வீட்டுல கடைக்குட்டி பதவியை இன்று ராஜினாமா செய்துவிட்டேன்.’

குழந்தை செய்யும் சின்னச் சின்ன வேலைகளும் நல்ல சரக்கு. உள்ளங்கையில் விரலை வைத்தால் பிறந்த குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது தானாக நடக்கும் அனிச்சைச் செயல். ‘யார் விரலைக் குடுத்தாலும் பிடிப்பான்னு டாக்டர் சொல்றாங்க. நான் நம்பல.’ தூக்கத்தில் உதடு விரிவதும் அப்படித்தான். ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வர ஏறக்குறைய 6 வாரம் ஆகும். ‘என்னைப் பார்த்துதான் சிரிச்சா. மருத்துவம் தோத்துப்போச்சு’ என்று எழுதினால் விவரம் தெரிந்தவரும் சிரிப்பார். முழங்கை மடிப்பில் படுத்திருக்கும் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான். ஏந்தியவர் முகம் அங்கேதான் இருக்கிறது. ‘இப்போதைக்கு இவனுக்குத் தெரியிற உலகம் என் மூக்குதான். பாவம்!’

இந்த வரிகளில் எல்லாம் கிண்டல் எழுதுபவர்மேல் விழுகிறது. குழந்தைமேல் திருப்பினால் கசக்கும். நிறம், எடை, முடி, ‘அப்படியே அப்பன் மூக்கு’ போன்றவை நேரில் சிரித்துக் கடந்துபோகும் பேச்சு. எழுத்தில் நின்றுவிட்டால் சம்பந்தி வீட்டில் வேறு மாதிரி படிப்பார்கள். ‘என் பையனுக்குப் பொண்ணு ரெடி’ என்ற பழைய மாமன், அத்தை கேலியையும் விட்டுவிடலாம். பிறந்த அன்றே கல்யாணப் பேச்சு எதற்கு? படத்தில் இல்லாத இன்னொருவரையும் மறக்கக்கூடாது. ‘பத்து மாசம் சுமந்தது அக்கா. பத்து நிமிஷம் தூக்கிட்டு கை வலிக்குதுன்னு சொல்றது நான்’ என்று எழுதினால் தாய்க்கும் அதில் இடம் கிடைத்துவிடும்.

வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெற்றவர்கள் செய்தியைச் சொல்வதற்கு முன் மாமன் முந்திக்கொள்ளக் கூடாது. சில வீடுகளில் கண்பட்டுவிடும் என்று பெயர் சூட்டும்வரை முகத்தைக் காட்ட மாட்டார்கள். அங்கே பிஞ்சுக் காலும் மாமன் கையும் மட்டும் தெரியும் படம் போதும். மணிக்கட்டில் மருத்துவமனை கட்டிய பட்டையில் தாயின் பெயர் இருக்கும். அதை வெட்டிவிட வேண்டும். குழந்தைக்கு முடிவுசெய்த பெயரும் வாசகத்தில் வரக்கூடாது, அதை முதலில் சொல்லும் உரிமை பெற்றவர்களுடையது. நீளம் இரண்டு வரி போதும். அதற்குமேல் எழுதினால் பல செயலிகள் மிச்சத்தை மறைத்துவிடும். எழுதியதை அக்காவுக்கு அனுப்பிப் பாருங்கள். ‘போடா லூசு’ என்று பதில் வந்தால் தாராளமாகப் போடலாம்.