அணைத்தால் முழுக்க அணைய வேண்டும்

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற வீடியோ கேம் வெளிவரும் முன்பே, விமர்சனம் எழுதுவதற்காக அதை விளையாடிய ஒரு பத்திரிகையாளருக்கு வலிப்பு வந்துவிட்டது. கதையில் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சி உண்டு. மாட்டியதும் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் கண்ணெதிரே படபடவென்று மின்னும். அவர் அதைக் குறிப்பிட்டு எழுதி மற்றவர்களை எச்சரித்தார். கேம் வெளியான சில நாட்களிலேயே நிறுவனம் ஒரு திருத்தம் அனுப்பி, அந்த மின்னலின் வேகத்தையும் வீச்சையும் குறைத்தது.

இது புதிய ஆபத்து அல்ல. 1997 டிசம்பரில் ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்ன, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலும் சிறுவர்கள்.

வலிப்பு நோய் உள்ள நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு ஒளி மின்னுவதே வலிப்பைத் தூண்டும். வளரும் பருவத்தில்தான் இது அதிகம் தென்படுகிறது. அதைவிடக் கவலை தருவது, முதல் வலிப்பு வரும்வரை தனக்கு இப்படியொரு தன்மை இருப்பதே பலருக்குத் தெரியாது என்பது. தெரியாத ஒருவர் செட்டிங்ஸில் போய் எதையும் அணைக்கப் போவதில்லை. அதனால், எதையும் தொடாமல் விளையாடினாலும் கேம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 'மின்னலைக் குறை' என்ற சுவிட்ச் அதற்கும் கீழே கொண்டுபோக வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த வரம்பு எது? இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அணுகல் நெறிகள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கின்றன: எந்த ஒரு நொடியிலும் மூன்று மின்னலுக்கு மேல் கூடாது. வெளிச்சம் ஏறி மறுபடி இறங்குவது ஒரு மின்னல். திரையின் ஒரு மூலையில் சின்னதாக மின்னினால் ஆபத்து குறைவு. பார்வையின் நடுப்பகுதியில் கணிசமான இடத்தைப் பிடித்தால் அதிகம். அடர் சிவப்புக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

கேம் செய்பவர்கள் இந்த வரம்பை எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். திரை நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. அடி விழுந்ததும் இரண்டு ஃபிரேம் வெள்ளை, இரண்டு ஃபிரேம் இருட்டு என்று மாறி மாறிக் காட்டினால் நான்கு ஃபிரேமுக்கு ஒரு மின்னல். அதே தாளத்தில் நொடிக்குப் பதினைந்து. பலருக்கு மூளை மிக எளிதில் தூண்டப்படும் வேகம் ஏறக்குறைய இதுதான். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை; அடி 'நச்'சென்று தெரிய வேண்டும் என்றுதான் எழுதினார்.

இன்னொரு வகை கண்ணில் படாமலே நுழையும். வாள் வீச்சு நொடிக்கு இரண்டு முறை திரையை வெளுக்கிறது. மழைக்காட்சியின் மின்னலும் இரண்டு முறை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள்தான். மழையில் சண்டை நடக்கும்போது நான்காகிவிடும். வாளை எழுதியவருக்கு மழையைப் பற்றித் தெரியாது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிக் கட்டுப்பாடு வைப்பதில் பயனில்லை.

வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தால் எல்லா அறையும் அணைய வேண்டும். பின்கட்டு விளக்கு மட்டும் எரிந்தால் யாரோ வயரை வெளியிலிருந்து இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். கேமிலும் அப்படித்தான். எதிரியோ வெடிகுண்டோ மழையோ, யாரும் நேராகத் திரையை வெளுக்கக் கூடாது. எல்லோரும் ஒரே இடத்தில் கேட்க வேண்டும். கொடுப்பதா மறுப்பதா என்பதை அந்த இடம் முடிவு செய்யும். கோடோ என்ற இலவச கேம் எஞ்சினில் அதன் சாரம் இவ்வளவுதான்:

```gdscript
var last_flash := -1.0

func flash():
    if Options.reduce_flashes:
        show_soft_border()
        return
    var now := Time.get_ticks_msec() / 1000.0
    if now - last_flash < 0.5:
        return
    last_flash = now
    show_white()
```

ஒரு மின்னல் போய் அரை நொடி ஆவதற்குள் வரும் அடுத்த கோரிக்கை கைவிடப்படுகிறது. யார் கேட்டாலும் இரண்டு மின்னல்களுக்கு நடுவே அரை நொடி இருந்தே தீரும். இது எல்லோருக்கும் பொதுவான காப்பு. `show_white` ஒரே ஒருமுறை வெளுத்து அடங்க வேண்டும், உள்ளே படபடக்கக் கூடாது என்பது நிபந்தனை. சுவிட்சைப் போட்டவருக்கு வெளுப்பே கிடையாது. அதற்குப் பதில் திரையின் ஓரம் மெல்ல நிறம் மாறித் திரும்பும். அந்தப் பதில் அவசியம். 'அடி வாங்கினேன்' என்ற செய்தியை அதுவரை மின்னல்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வெறுமனே நீக்கினால், கவனமாக விளையாட விரும்பியவர் ஏன் சாகிறோம் என்று தெரியாமல் தோற்பார். ஓர் ஒலியும் கூடச் சேர்ந்தால் இன்னும் நல்லது.

திரை நடுக்கம் வேறு சங்கதி. அதனால் அவதிப்படுபவர்களும் பெரும்பாலும் வேறு ஆட்கள். கண் 'அசைகிறது' என்கிறது, உட்காது 'அசையவில்லை' என்கிறது. இந்த முரணில் தலைசுற்றலும் குமட்டலும் வரும். உட்காதில் கோளாறு உள்ளவர்களுக்குச் சில நிமிடமே போதும். எனவே இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டக் கூடாது. நடுக்கத்துக்குச் சுவிட்சைவிட ஸ்லைடர் பொருத்தம், ஏனென்றால் பாதி நடுக்கம் பலருக்குத் தாங்கும். கேமராவை நகர்த்தும் வரியில் ஒரே ஒரு பெருக்கல் சேர்ந்தால் போதும்:

```gdscript
offset = direction * 24.0 * trauma * trauma * Options.shake
```

`Options.shake` 1 என்றால் முழு நடுக்கம், 0.5 என்றால் பாதி, 0 என்றால் கேமரா அசையாது. 'செலஸ்ட்' என்ற மலையேறும் கேமில் நடுக்கத்துக்கும் மின்னலுக்கும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. 'மைன்கிராஃப்ட்' வானத்து மின்னலை மறைப்பதற்கும், அடிபடும்போது கேமரா சாய்வதைக் குறைப்பதற்கும் தனித்தனியே இடம் கொடுக்கிறது.

சுவிட்ச் வைத்தாயிற்று, அது எங்கே தோற்கும்? முதலில், நேரத்தில். கேம் திறந்ததும் நிறுவனச் சின்னம் பளிச்சென்று வெடித்து, அதற்குப் பிறகு மெனு வந்தால், அணைக்க நினைத்தவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முதல் தடவை திறக்கும்போது, எந்தச் சலனமும் வரும் முன்பே இந்தக் கேள்வி திரையில் இருக்க வேண்டும். பதிலும் சேமிக்கப்பட வேண்டும். அடுத்தது, முன்கூட்டியே வீடியோவாகப் பதிந்த கதைக் காட்சிகள். அவை எந்த வரி நிரலையும் கேட்காது. அவற்றுக்கு மென்மையான மாற்றுப் பதிப்பு வேண்டும், முடியாவிட்டால் தாண்டிப் போகும் வழியாவது வேண்டும்.

சோதிப்பதற்கு நம் கண்ணை நம்பக் கூடாது. பழகிய கண் எதையும் பொறுத்துக்கொள்ளும். சுவிட்சைப் போட்டுவிட்டு, உள்ளதிலேயே களேபரமான சண்டையை 60 ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி வெளிச்சம் ஏறி இறங்குவதை எண்ணலாம். பிரிட்டனில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சோதிக்கும் ஹார்டிங் சோதனை என்ற கட்டண மென்பொருளிலும் அதே பதிவை ஓட்டிப் பார்க்கலாம். கூடவே நிரலில் `show_white` என்று தேடினால், அந்த ஒரே இடத்தைத் தவிர வேறெங்காவது அழைக்கப்படுகிறதா என்று தெரியும். அழைக்கப்பட்டால் அதுதான் வெளியிலிருந்து இழுத்த வயர். வேறு பெயரில் ஒளிரும் வெடிப்புத் துகள்களும் ஷேடர்களும் இந்தத் தேடலில் சிக்காது. அவற்றைப் பதிவில்தான் பிடிக்க முடியும்.

சுவிட்சுக்குப் பெயர் வைப்பதிலும் நேர்மை தேவை. 'வலிப்புப் பாதுகாப்பு முறை' என்று எழுதினால் அது வாக்குறுதியாகிவிடும். ஒருவரின் அறை வெளிச்சம், திரையின் அளவு, அவர் உட்காரும் தூரம், முந்தின இரவின் தூக்கம் எதுவும் கேமின் கையில் இல்லை. 'திரை மின்னலைக் குறை' என்று மட்டும் எழுதி, எவையெல்லாம் குறையும், எவை குறையாது என்று கீழே இரண்டு வரியில் சொன்னால், தன் உடம்பை அறிந்த ஒருவர் விளையாடலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுத்துக்கொள்வார்.