ஒரு மணி நேரம் தள்ளிப்போன எழுத்துகள்

வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 24 நிமிட ஆவணப்படம் ஒன்றை ஒரு அறக்கட்டளைக்காக எடிட் செய்து கொடுத்தேன். முதல் திரையிடல் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில். பேச்சையும் சத்தங்களையும் எழுத்தாகத் தரும் சப்டைட்டில் கோப்பைத் தனியாகத் தயாரித்து, படத்தோடு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். படம் ஓடத் தொடங்கியது, எழுத்து வரவில்லை. பிள்ளைகள் திரையையும் ஆசிரியரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் சைகையிலேயே சொல்லிப் பார்த்தார். பிறகு படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். தொடக்கத்திலேயே காரணம் இருந்தது.

```
1
01:00:12,400 --> 01:00:15,200
(காற்று வீசும் சத்தம்)
```

எஸ்ஆர்டி என்று நாங்கள் சொல்லும் சப்டைட்டில் கோப்பு இவ்வளவு எளிமையானதுதான். வரிசை எண், எழுத்து தோன்றும் நேரம், மறையும் நேரம், அதன் கீழே வாசகம். நேரம் என்பது மணி, நிமிடம், விநாடி, காற்புள்ளிக்குப் பிறகு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் முதல் வரி 12ஆவது விநாடியில் வரவேண்டியது. கோப்போ அதை ஒரு மணி 12 விநாடிக்குப் பிறகு காட்டச் சொல்கிறது. 24 நிமிடத்தில் முடியும் படத்தில் அந்த நேரம் வரவே வராது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு பழைய வழக்கம் காரணம். படத்துக்கு முன்னால் வண்ணப் பட்டைகளும் எண்ணிறக்கமும் வைக்க இடம் வேண்டும் என்பதற்காக, எடிட்டிங் டைம்லைனில் படத்தைச் சரியாக 01:00:00:00 என்ற நேரத்தில் தொடங்குவார்கள். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் இன்றும் புது டைம்லைனை அப்படித்தான் திறக்கின்றன. அங்கிருந்து சப்டைட்டிலை எடுக்கும்போது அந்த ஒரு மணியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். எடிட்டிங் அறையில் எல்லாம் பொருந்தியே தெரியும், ஏனென்றால் அங்கே படமும் ஒரு மணியில்தான் தொடங்குகிறது. ஆகவே, கொடுக்கப் போகும் படக் கோப்பையும் எழுத்துக் கோப்பையும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் வைத்து, விஎல்சி போன்ற சாதாரண பிளேயரில், எடிட்டிங் நடக்காத வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் மட்டும் பார்த்தால் போதாது, கடைசி இரண்டு நிமிடமும் பார்க்க வேண்டும்.

கடைசியைப் பார்க்கச் சொல்வதற்கும் இந்தப் படத்திலேயே காரணம் உண்டு. படம் முடிந்த பிறகு, பேட்டி கொடுத்த ஒரு அம்மா தன் முகம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒன்பதாவது நிமிடத்திலிருந்து 7 விநாடிக் காட்சியை எடுத்தோம். சப்டைட்டில் அதற்கு முன்பே தயாராகிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் அதன்பின் வரும் எல்லா வரிகளும் பேச்சுக்கு 7 விநாடி பின்தங்கியிருக்கும். தாமதம் படத்தின் நடுவில் திடீரென்று தொடங்கிக் கடைசிவரை ஒரே அளவில் இருந்தால் யாரோ ஒரு காட்சியை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகக் கூடினால், விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு இரண்டு இடத்தில் வேறாக இருக்கிறது. 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம் கூட 24 நிமிட முடிவில் ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிவிடும்.

தமிழுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்றும் உண்டு. சப்டைட்டில் கோப்பை UTF-8 என்ற முறையில் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேடில் ANSI என்று சேமித்துவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறும், பிறகு அதை மீட்க வழியில்லை. மொழிபெயர்ப்பாளர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தால், ‘தமிழ்’ என்ற சொல் திரையில் `jkpo;` என்று வரும். இது முதலில் யூனிகோடுக்கு மாற்றப்பட வேண்டும்.

மாஸ்டர் கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் மாஸ்டர் ப்ரோரெஸ் 422 எச்க்யூ முறையில், முழு எச்டி அளவில், விநாடிக்கு 25 ஃப்ரேம். 24 நிமிடத்துக்கு ஏறக்குறைய 33 ஜிபி. அதே படம் யூடியூபுக்காக எச்.264இல் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். சின்னது பார்ப்பதற்கு, பெரியது மறுபடி வேலை செய்வதற்கு. சின்னதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தால் அழுத்தப்பட்ட படம் மேலும் அழுத்தப்பட்டுத் தரம் குறையும். பெயர்களும் ஊர்களும் எழுதப்படாத மாஸ்டர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். நாளை இந்தியில் வேண்டுமென்றால் தமிழ் எழுத்துகளைப் படத்திலிருந்து சுரண்ட முடியாதே.

33 ஜிபி கோப்பு FAT32 முறையில் அமைந்த பென் டிரைவில் ஏறாது, அதில் ஒரு கோப்பின் உச்சவரம்பு 4 ஜிபி. exFAT என்று அமைத்தால் விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும். பிரதி பழுதில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்பதை அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. விண்டோஸில் இந்தக் கட்டளையை மூலத்துக்கும் பிரதிக்கும் கொடுத்துப் பாருங்கள்:

```
certutil -hashfile uppalam_master.mov MD5
```

இரண்டு இடத்திலும் ஒரே 32 எழுத்துக் குறி வந்தால் கோப்பு அப்படியே போயிருக்கிறது.

புராஜெக்ட் பேக்கப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் கோப்புக்குள் படம் கிடையாது. எந்த ஷாட்டை எங்கே எடுத்து எங்கே வெட்டுவது என்ற குறிப்புகள்தான் அதில் உள்ளன. ஃபுட்டேஜ், இசை, தமிழ் எழுத்துரு, வண்ண அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரீமியரில் இதற்கு புராஜெக்ட் மேனேஜர் இருக்கிறது, ரிசால்வில் ஆர்க்கைவ். எழுத்துருவை மட்டும் அவற்றை நம்பாமல் கையால் எடுத்து வைப்பேன்.

பேக்கப் எடுத்த அன்றே அதே கணினியில் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக ஓடியது. ஆனால் பழைய டிஸ்க் இன்னும் செருகியே இருந்தது! மென்பொருள் ஃபுட்டேஜை அங்கிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறது. அதைக் கழற்றியதும் 11 ஷாட்கள் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நின்றன. டெஸ்க்டாப்பில் அவசரத்துக்குப் போட்டுவைத்த டிரோன் காட்சிகள் அவை. அன்றிலிருந்து மூல டிஸ்கைக் கழற்றிவிட்டு, வேறு கணினியில்தான் பேக்கப்பைத் திறக்கிறேன்.

கடைசியாக ஒப்படைப்புக் குறிப்பு. ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். அறக்கட்டளையில் எங்களோடு வேலை பார்த்தவர் அடுத்த ஆண்டு அங்கே இல்லாமல் போகலாம். புதிதாக வருபவர் டிஸ்கைத் திறந்தால் எந்தக் கோப்பைத் திரையரங்குக்கு அனுப்புவது, எதை இணையத்தில் ஏற்றுவது என்று புரிய வேண்டும். இசைக்கு வாங்கிய உரிமம் இணையத்துக்கு மட்டுமா, தொலைக்காட்சிக்கும் சேர்த்தா என்பதை உரிமத் தாளோடு எழுதினேன். என்னிடம் உள்ள பிரதியை எத்தனை ஆண்டு வைத்திருப்பேன் என்பதையும் எழுதினேன்.

அந்த அம்மாவின் 7 விநாடியும் அதில் வர வேண்டியிருந்தது. படத்திலிருந்து எடுத்தாலும் பேக்கப்பின் ஃபுட்டேஜில் அவர் முகம் இருந்தது. எந்த டைம்லைனிலும் வராத அந்தப் பேட்டியை மறுபடி எடிட் செய்பவர் கண்டெடுத்துச் சேர்த்துவிடக்கூடும். அறக்கட்டளையைக் கேட்டேன். அவர்கள் அந்த அம்மாவையே கேட்டுச் சொன்னார்கள். பேட்டிக் கோப்பை இரண்டு டிஸ்கிலிருந்தும் அழித்தேன். அது இடம்பெற்ற பழைய கட்டையும் அழித்தேன். ஒரு ஷாட் ஏன் காணவில்லை என்று தேடுபவருக்காகக் குறிப்பின் முதல் வரியாக இதை எழுதினேன்: “பேட்டி 6 அவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது. தேட வேண்டாம்.”

திருத்திய சப்டைட்டிலோடு படம் அடுத்த வாரம் அதே பள்ளியில் மறுபடி ஓடியது. 12ஆவது விநாடியில் காற்று வீசும் சத்தம் என்று எழுத்து வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பிப் பின்னால் இருந்தவனுக்குக் கையால் காற்றை வீசிக் காட்டினான்.