மணலில் பதிந்த தடத்தைப் படத்திலிருந்து நீக்குவது எப்படி?

படத்தைத் துணையாகக் கொண்டு வாக்கியம் அமைக்கும் பயிற்சிக்கு நாமே எடுத்த படங்களைப் பயன்படுத்துகிறோம். கடற்கரைப் படத்தில் நடுவே ஒரு டயர் தடம் ஓடினால் மாணவர் அதைப் பற்றித்தான் எழுதுவார். அரைகுறையாக அழித்தால் இன்னும் மோசம். "மணலில் புகை தெரிகிறது" என்று எழுதுவார். அதனால் அழிப்பதென்றால் சரியாக அழிக்க வேண்டும். இலவச மென்பொருளான GIMP-இல் அதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

தெசாரு கடற்கரையில் காலையில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கு நோக்கி எடுத்த படம். வலப்பக்கம் கடல், வெயிலும் அங்கிருந்துதான் வருகிறது. ஈர மணலில் இரண்டு டயர் தடங்கள் தூரத்தை நோக்கிக் குறுகிப் போகின்றன. அவற்றோடு சில காலடிகளும் உண்டு.

முதலில் தடத்தை உற்றுப் பாருங்கள். தடம் ஒரு குழி. வலப்பக்க வெயிலில் குழியின் வலச்சுவர் நிழலாகவும் இடச்சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். குழிக்குள் மணலின் பொடித்தன்மையும் நசுங்கியிருக்கும். ஆக, நாம் சரிசெய்ய வேண்டியவை இரண்டு: ஒன்று ஒளி நிழல், மற்றொன்று மணலின் சொரசொரப்பு. பலரும் நிழலை மட்டும் மழுப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் அந்த இடம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாகத் தெரிகிறது.

இனி வேலைக்கு வருவோம். Layer > Duplicate Layer கொடுத்து நகலில் வேலை செய்யுங்கள். மூலப்படம் அப்படியே இருக்கட்டும். C விசையை அழுத்தினால் Clone கருவி வரும். ஓரம் மென்மையான தூரிகையைத் தேர்ந்து, தடத்தைவிடச் சற்று அகலமாக வையுங்கள். Opacity 100 இருக்கட்டும். அதைக் குறைத்துப் பலமுறை தடவினால் மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து மங்கிவிடும்.

Ctrl விசையை அழுத்திக்கொண்டு நல்ல மணலில் கிளிக் செய்தால் அந்த இடம் மூலமாகும். எந்த மணலை எடுப்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. படத்தில் தடத்தின் அதே உயரத்தில், பக்கவாட்டில் எடுங்கள். கீழே, அதாவது கேமராவுக்குப் பக்கத்தில், மணல் துகள் பெரிதாகத் தெரியும். மேலே போகப்போக நுணுகிவிடும். ஈர மணலுக்கு ஈர மணலே வேண்டும். உலர்ந்த மணலை அங்கே வைத்தால் வெளிறிய திட்டு விழும்.

தடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகத் தேய்க்காதீர்கள். நம் கண் கோட்டைப் பின்தொடரும். முதலில் நாலைந்து இடத்தில் குறுக்கே வெட்டித் துண்டாக்குங்கள். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக நிரப்புங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை மூலத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே சிப்பி நாலு இடத்தில் முளைத்துவிடும்!

எல்லாம் நிரம்பிய பிறகு H விசையை அழுத்தி Heal கருவிக்கு வாருங்கள். இது மூலத்தின் சொரசொரப்பை எடுத்து, சுற்றியுள்ள நிறத்தோடு இணைக்கும். ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும் ஓரங்களை இதால் சரிசெய்யலாம். ஆனால் அலை விளிம்பு, மரநிழல் பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள். அங்குள்ள நிறத்தை உள்ளே இழுத்துக் கறையாக்கிவிடும். அங்கே Clone மட்டும் போதும். எங்காவது வழவழப்பு மிஞ்சினால், சிறிய தூரிகையால் சொரசொரப்பான மணலை அதன்மேல் ஒருமுறை பதித்தால் சரியாகிவிடும்.

பனிப் படத்துக்கும் இதே முறைதான். ஆனால் பனியில் நிழல் நீலமாக விழும். வெயில் பட்ட பனியை நிழற்பகுதியில் வைத்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

முடித்ததும் சோதித்துப் பாருங்கள். View > Flip & Rotate > Flip Horizontally கொடுத்துப் படத்தை இடவலமாகத் திருப்பினால், பழகிப்போன கண்ணுக்குத் தப்பியது பிடிபடும். அடுத்து, Layer > New from Visible கொடுத்து, வந்த அடுக்கில் Colors > Levels வழியாகக் கருமையைக் கூட்டுங்கள். பழைய தடம் பட்டையாகத் தெரிந்தால் ஒளி இன்னும் சமமாகவில்லை என்று பொருள். பார்த்த பிறகு அந்த அடுக்கை நீக்கிவிடுங்கள்.

அழிக்கக்கூடாத தடங்களும் உண்டு. மணலில் ஒருவர் நடந்துகொண்டிருந்தால் அவர் பின்னால் உள்ள காலடிகளை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வானத்திலிருந்து இறங்கியவர் போலத் தெரிவார். முட்டையிட வந்த கடலாமையின் தடமும் டயர் தடம் போலவே இருக்கும். அழிக்குமுன் அது என்ன தடம் என்று பாருங்கள். செய்தியாகவோ சான்றாகவோ கொடுக்கும் படத்தில் எதையும் அழிக்கக்கூடாது. பயிற்சிக்காகத் திருத்திய படம் என்றால் அதன் கீழ் "திருத்தப்பட்ட படம்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.