கடிகாரத்தைக் குறைத்தாலும் தீராத பிழை

லாட்ச் திறந்த கதவு போன்றது. கடிகாரத் துடிப்பு உயர்ந்திருக்கும் நேரம் முழுவதும், உள்ளே வரும் தரவு அப்படியே வெளியேறும். ஃபிளிப்-ஃபிளாப்போ துடிப்பு எழும் கணத்தில் மட்டும் தரவைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே தரவு வந்து நிலைத்திருக்க வேண்டும். இது செட்டப் நேரம். பிறகும் சிறிது நேரம் மாறாதிருக்க வேண்டும். இது ஹோல்டு நேரம்.

ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து தரவு வெளிவர 0.2 நானோவினாடி, இடையிலுள்ள சுற்றைக் கடக்க 1.6, அடுத்ததன் செட்டப் 0.2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 நானோவினாடி. ஆகவே கடிகாரம் 500 மெகாஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது.

தாண்டியதால் வந்த பிழை, வேகத்தைக் குறைத்தால் மறையும். அப்போதும் மறையாவிட்டால் ஹோல்டு மீறலைச் சந்தேகிக்கலாம்: புதிய தரவு குறுக்குப் பாதையில் விரைந்து வந்து, பழையது பிடிபடும் முன்பே அதை மாற்றிவிடுகிறது. அந்தப் பாதையில் பஃபர்களைச் சேர்த்துத் தாமதப்படுத்துவதே வழக்கமான தீர்வு.