முட்டு வைத்தால் வலை மாறும்

ஸ்டீல் டெக் மேல் கான்கிரீட் போடும் ஆபீஸ் தளத்தில் டெக்குக்கு ரெண்டு வேலை. ஊற்றும்போது அது சென்ட்ரிங் தகடு. இறுகிய பிறகு அடிக்கம்பி. கான்கிரீட்டை டெக்கோடு பிடித்து வைப்பது டெக்கில் உள்ள புடைப்புகள். ஸ்டட் முக்கியமாகத் தளத்தை பீமோடு இணைக்கத்தான். இந்த ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

ஒரு கணக்கு: பீம்கள் 3 மீட்டர் இடைவெளி, தளம் 130 மி.மீ., டெக் உயரம் 60 மி.மீ. ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 2.6 கிலோ நியூட்டன். டெக் 13 மி.மீ.க்கு மேல், அதாவது தளத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொய்ந்தால், அந்தப் பள்ளத்தில் நிறையும் கூடுதல் கான்கிரீட்டையும் சேர்க்கச் சொல்கிறது யூரோகோட் 4.

இடைவெளியைக் கூட்டினால் டெக் தாங்காது, முட்டு வேணும். ஆனா முட்டை எடுத்ததும் தளத்தின் சொந்த எடை இறுகிய கான்கிரீட் மேல் வருது. பீமுக்கு மேலே விரிசல் விடும். அதனால் வலைக்கம்பி, டெக்குக்கு மேலுள்ள 70 மி.மீ. கான்கிரீட்டில் 0.2 சதவீதம் போதும் என்பது 0.4 ஆகிறது: மீட்டருக்கு 140 சதுர மி.மீ. என்பது 280.

தீயிலும் இதே வலைதான் கைகொடுக்கும். தர உலைச் சோதனையில் 60 நிமிடத்தில் 945 டிகிரி செல்சியஸ். மறைப்பில்லாத டெக்குக்கு அப்போது பலமே கிட்டத்தட்ட இருக்காது. பீமுக்கு மேலே, தளத்தின் மேற்பகுதியில் குளிர்ச்சியா இருக்கிற வலை சுமையைத் தாங்கும். ஊற்றும்போது மிதிபட்டு அது டெக்கோடு ஒட்டிப்போனால், வரைபடத்தில் இருந்தும் பயனில்லை. கான்கிரீட் வரும் முன்னே சேர் கம்பிகளை எண்ணிப் பாருங்க.