உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சலும் ஒற்றை மூட்டு வீக்கமும்

ஒரே ஒரு மூட்டா, பல மூட்டா?
காய்ச்சலோடு மூட்டு வலித்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது சிக்குன்குனியா. அது பெரும்பாலும் பல மூட்டுகளை ஒரே நேரத்தில், உடம்பின் இரண்டு பக்கமும் பிடிக்கும்: விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால். ஒரே ஒரு மூட்டு மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, தொட்டால் சுட்டு, அசைக்கவே முடியாமல் போனால் அது வேறு விஷயம். மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஏன் விடியும்வரை பொறுக்கக் கூடாது?
எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த நீரைச் சுரக்கும் சவ்விலோ ரத்தக் குழாய்கள் ஏராளம். ரத்தத்தில் வரும் கிருமியை நிறுத்தி வைக்கும் தடுப்பும் அதில் பலவீனம். அதனால் உடம்பில் எங்கோ இருக்கும் ஒரு புண்ணிலிருந்து கிளம்பிய கிருமி சுலபமாக மூட்டுக்குள் இறங்கிவிடுகிறது.

அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. அவை வெளிவிடும் நொதிகளுக்குக் கிருமி, குருத்தெலும்பு என்ற வித்தியாசம் தெரியாது, இரண்டையும் அரிக்கின்றன. இந்தச் சேதம் நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் ஆரம்பிக்கிறது. பெரியவர்களுக்கு அரிக்கப்பட்ட குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. மருந்தால் கிருமி செத்த பிறகும் சீழில் தங்கிய நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. ஆகவே ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, சீழையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

மடக்கி வைத்த காலைக் கவனியுங்கள்
முழங்காலில் சீழ் வைத்தவர் அதைச் சற்றே மடக்கி அப்படியே வைத்திருப்பார். அந்த நிலையில்தான் மூட்டுப் பைக்குள் இடம் அதிகம், உள்ளே அழுத்தம் குறைவு. நாம் காலைப் பிடித்து மெதுவாக நீட்டினாலும் மடக்கினாலும் அலறுவார். தோலுக்கு அடியில் மட்டும் சீழ் வைத்திருந்தால் மூட்டு ஓரளவாவது அசையும். மூட்டுக்குள்ளேயே இருந்தால் எந்தப் பக்கம் அசைத்தாலும் வலிதான்.

காய்ச்சல் இல்லாவிட்டால்?
அப்போதும் ஆபத்து உண்டு. இந்த நோய் வந்த பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் காய்ச்சல் அடிக்கிறது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் உடம்பு சுடாமலே இருக்கலாம். பாராசிட்டமால் போட்டிருந்தால் தெர்மாமீட்டரை நம்பவே முடியாது.

மூன்று நாளில் என்னவெல்லாம் நடக்கும்?
ஓர் உதாரணம் பார்ப்போம். சர்க்கரை நோயுள்ள ஐம்பத்தைந்து வயது அம்மா. குதிகால் வெடிப்பில் சின்னப் புண். திங்கட்கிழமை சாயங்காலம் வலது முழங்கால் கனக்கிறது. 'வாதமாக இருக்கும்' என்று தைலம் தேய்த்து நீவிவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை குளிர் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையும், இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரையும் வாங்கிப் போடுகிறார். காய்ச்சல் இறங்குகிறது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. புதன்கிழமை காலில் எடையே வைக்க முடியவில்லை.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்த இரண்டு மாத்திரைகள். அவை கிருமியைக் கொல்லப் போதாது. ஆனால் பரிசோதனையில் அது வளராதபடி மறைக்கப் போதும். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால், எந்த மருந்து அதைக் கொல்லும் என்பதை மருத்துவர் ஊகித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்றைக்கு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாகத் தெரிகிறது. ஆரம்ப நாட்களில் அப்படித்தான் தெரியும், அதை வைத்து 'ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடக் கூடாது. மருத்துவர் தோலைச் சுத்தம் செய்து, முழங்காலில் ஊசி போட்டு நீரை உறிஞ்சுகிறார். நல்ல மூட்டு நீர் முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுப்பாக இருக்கும். இந்த அம்மாவுக்கு மஞ்சளாகக் கலங்கி வருகிறது. சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 80,000 இருக்கின்றன. 50,000-ஐத் தாண்டினாலே கிருமித் தொற்று என்ற சந்தேகம் பலமாகும். அதற்குக் கீழே இருந்தால் தொற்று இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

மூட்டு நீரையும் ரத்தத்தையும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக ஏறுகிறது. அன்றைக்கே மூட்டைத் திறந்தோ, ஆர்த்ரோஸ்கோப் குழாய் விட்டோ கழுவுகிறார்கள். சிலருக்கு இரண்டாம் முறையும் கழுவ வேண்டிவரும். இரண்டு நாள் கழித்து வந்த கல்ச்சரில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இந்த நோய்க்கு அடிக்கடி காரணமாவது அதுதான்; தோல் புண்களில் குடியிருப்பதும் அதுவே. பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் ஊசி மருந்து, அதன்பின் மாத்திரை, மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம். கால் பிழைக்கிறது. ஆனால் முழங்கால் முன்பு மடங்கிய அளவு மடங்குவதில்லை. திங்கள் ராத்திரியே வந்திருந்தால் பெரும்பாலும் அதுவும் மிஞ்சியிருக்கும்.

யூரிக் அமிலமாக இருக்கலாமே?
இருக்கலாம். கவுட் வாதத்திலும் மூட்டு சிவந்து வீங்கும், காய்ச்சலும் வரும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ரத்தத்தில் யூரிக் அமில அளவு பார்த்தும் முடியாது. மூட்டு நீரை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் படிகங்கள் தெரியும். படிகம் இருந்தாலும் கூடவே கிருமியும் இருக்கக்கூடும் என்பதால் கல்ச்சர் முடிவையும் பார்த்தே ஆக வேண்டும்.

கைக்குழந்தை ஒரு காலை மட்டும் ஆட்டவில்லையா?
1874-இல் லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் டாம் ஸ்மித், கைக்குழந்தைகளின் மூட்டில் சீழ் வைப்பதைப் பற்றி விரிவாக எழுதினார். இடுப்பில் வந்தால் தொடை எலும்பின் உருண்டைத் தலையே கரைந்துபோவதுண்டு. அங்கே சீழின் அழுத்தம், அந்தத் தலைக்குப் போகும் ரத்தத்தையும் நெரித்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் வராமலே இருக்கலாம், இடுப்பில் வீக்கமும் வெளியே தெரியாது. துணி மாற்றும்போது வீறிட்டு அழுவதும், ஒரு காலை மட்டும் உதைக்காமல் கிடப்பதும்தான் அடையாளம். அப்போது எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதோ, சுளுக்கு எடுப்பதோ வேண்டவே வேண்டாம். நடந்துகொண்டிருந்த குழந்தை காய்ச்சலோடு திடீரென்று காலை ஊன மறுத்தாலும் இதே அவசரம்தான்.

செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கு
இவர்களுக்கு அறிகுறிகள் மந்தமாக இருக்கலாம். லேசான வீக்கம், தழும்பில் கசிவு, புதிதாக வந்த வலி இருந்தாலே அறுவை செய்த பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். அதற்கு முன் ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம்.

வாசலில் என்ன சொல்வது?
நடக்க முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எலும்பு மருத்துவரும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள். 'மூட்டு வலி' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். 'ஒரே முழங்கால், நேற்றிலிருந்து வீக்கம், காய்ச்சல், அசைக்கவே முடியவில்லை, சர்க்கரை இருக்கிறது' என்று சேர்த்துச் சொல்லுங்கள். போட்ட மாத்திரைகளின் அட்டையை எடுத்துப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.