நிற்காத குழாய், இரண்டு குடம்

ஒரு மோட்டாரின் அதிர்வை வினாடிக்கு 10,000 முறை அளந்து எஸ்டி கார்டில் பதிய வேண்டும். அப்படியென்றால் 100 மைக்ரோவினாடிக்கு ஒரு மாதிரி வந்துகொண்டே இருக்கும். மாதிரிக்கு 2 பைட் வீதம் வினாடிக்கு 20,000 பைட். எஸ்டி கார்டுக்கு இது சின்ன வேலைதான். ஆனால் கார்டு எப்போதாவது உள்ளே இடம் ஒழுங்குபடுத்தத் தொடங்கும். அப்போது ஒரே ஒரு எழுத்துக்கு 250 மில்லிவினாடி வரை காக்க வைக்க அதற்கு அனுமதி உண்டு. அதற்குள் 2,500 மாதிரிகள் வந்துவிடும். ஏடிசியின் பதிவேட்டில் ஒரே ஒரு மாதிரிக்குத்தான் இடம். எடுக்காவிட்டால் அடுத்தது வந்து அதை அழித்துவிடும்.

இங்கேதான் டிஎம்ஏ, அதாவது நேரடி நினைவக அணுகல், கைகொடுக்கிறது. டைமர் தட்டியதும் ஏடிசி அளக்கும். டிஎம்ஏ அந்த எண்ணை எடுத்து நினைவகத்தில் அடுத்த இடத்தில் வைக்கும். ப்ராசஸருக்கு இதில் வேலையே இல்லை. கடைசி இடம் நிரம்பியதும் டிஎம்ஏ தானாக முதல் இடத்துக்குத் திரும்பும்.

அந்த இடத்தை இரண்டு பாதியாகப் பார்க்க வேண்டும். தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்பும்போதே மற்றதை வீட்டில் ஊற்றிவிட்டு வருவது போலத்தான். ஒரு பாதி நிரம்பியதும் டிஎம்ஏ சொல்லும். அது மற்ற பாதியை நிரப்பும் நேரத்துக்குள் நிரம்பியதைக் கார்டில் எழுதிவிட வேண்டும்.

பாதிக்கு 2,048 மாதிரி வைத்தால் கிடைக்கும் அவகாசம் 204.8 மில்லிவினாடி, 250-க்குப் போதாது. 4,096 வைத்தால் 409.6 கிடைக்கும். இரண்டு பாதிக்கும் 16 கிலோபைட். புளூ பில் போர்டிலுள்ள எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பின் நினைவகமே 20 கிலோபைட்தான்; இறுக்கமாக இருந்தாலும் அடங்கும். ஆனால் ஒரே பாதிக்குள் கார்டு இரண்டு முறை நீளமாக நின்றால் இதுவும் தாங்காது. கோப்பு வளர வளர அதன் கணக்கும் கார்டில் எழுதப்படுவதால், கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைப்பது நல்லது.

தகவல் வந்த இடத்திலேயே கார்டில் எழுதத் தொடங்கக் கூடாது. கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, எழுதுவதை முதன்மைச் சுழலுக்கு விட வேண்டும்:

```c
void HAL_ADC_ConvHalfCpltCallback(ADC_HandleTypeDef *h) {
  if (ready[0]) lost++;
  ready[0] = 1;
}
```

எழுதி முடித்த பிறகே சுழல் `ready[0]`-ஐ 0 ஆக்கும். இரண்டாம் பாதிக்கும் இதே போல ஒன்று உண்டு. `lost` ஏறினால், எழுதி முடிக்காத பாதியின் மேல் டிஎம்ஏ ஒரு சுற்று வந்துவிட்டது என்று பொருள். இந்த எண்ணையும் கோப்பிலேயே பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடுபட்ட தரவு கோப்பில் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

சரிபார்க்க 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுங்கள். ஓர் அலைக்கு 200 மாதிரி. 4,096 மாதிரிகள் விடுபட்டால் 20.48 அலைகள் போயிருக்கும். வரைபடத்தில் அலை சட்டென்று ஏறக்குறைய தலைகீழாகும். பாதிக்கு 4,000 மாதிரி வைத்திருந்தால் சரியாக 20 அலைகள் காணாமல் போகும், வரைபடத்தில் ஒரு கீறலும் தெரியாது.